வக்கீல் பயோவின் கடைசி வரி

"வணக்கம் மேடம். தில்லியில் வக்கீலாக இருக்கிறேன். துவாரகா கோர்ட்டில் குடும்ப வழக்குகள், சொத்து வழக்குகள், முதியோர் தொடர்பான வழக்குகள் பார்க்கிறேன். பயோவின் முதல் ஐந்து வரி எழுதிவிட்டேன், முடிக்கத் தெரியவில்லை. வெப்சைட் செய்து தரும் தம்பி இப்படி முடித்துத் தந்தார்: 'குடும்பத் தகராறா? சொத்துச் சிக்கலா? தயங்காமல் இன்றே என்னை அழையுங்கள்! முதல் ஆலோசனை இலவசம்.' எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்ததால் நான் ஒன்று எழுதினேன்: 'இரண்டு குழந்தைகளின் தாயான இவருக்கு ஃபில்டர் காபியும் கோலமும் உயிர்.' சீனியர் பார்த்துவிட்டு இரண்டையும் எடு என்றார், காரணம் சொல்லவில்லை. இதே பயோ லிங்க்ட்இன்னிலும் போக வேண்டும். தமிழ்ச் சங்க விழாவில் முதியோர் சட்டம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், அந்த விழா மலருக்கும் கேட்கிறார்கள். குறள் ஒன்றைப் போட்டு முடித்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் மந்திர் மார்க் டி.டி.இ.ஏ. பள்ளியில் தமிழ் படித்தவள் நான். ஒரு வரிக்கு இத்தனை திணறலா என்று எனக்கே சிரிப்பு வருகிறது."
— வாசகி, துவாரகா, புது தில்லி

உங்கள் சீனியர் சொன்னது சரி. ஆனால் அந்த இரண்டு வரிகளையும் அவர் எடுக்கச் சொன்னதற்கான காரணம் வேறு வேறு.

முதலில் தம்பி எழுதிய வரி. அவர் மேல் தப்பில்லை. கேக் கடைக்கும் யோகா வகுப்புக்கும் வெப்சைட் செய்கிறவருக்குப் பக்கத்தின் அடியில் "இன்றே அழையுங்கள்" என்று எழுதுவதுதான் பழக்கம். அந்தத் தொழில்களுக்கு அது பொருத்தமும்கூட. வக்கீலுக்கு மட்டும் அது ஆகாது. பார் கவுன்சிலின் 36-ஆவது விதி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேராகவோ சுற்றி வளைத்தோ வழக்கு கேட்டுப் போகவும் கூடாது, விளம்பரம் செய்யவும் கூடாது. மீறினால் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 35-ஆவது பிரிவில் ஒழுங்கு நடவடிக்கை வரும். கண்டனத்தில் முடியலாம், கொஞ்ச காலம் தொழில் செய்ய முடியாமல் போகலாம், பட்டியலிலிருந்து பெயரையே நீக்கவும் செய்யலாம்.

பல வருஷம் ஏட்டில் மட்டும் இருந்த விதிதானே என்று விட்டுவிட முடியாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதைத் தூசு தட்டி எடுத்தது. வக்கீல்களைப் பட்டியல் போட்டு, நட்சத்திரம் கொடுத்து, 'இவரை அழைக்க இங்கே தட்டுங்கள்' என்று காட்டும் இணையதளங்கள் வழியாக வழக்கு தேடும் வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அதே மாதம் இந்திய பார் கவுன்சிலும் மாநிலக் கவுன்சில்களுக்கு அதை வலியுறுத்தியது.

தம்பியின் வரியைத் துண்டு துண்டாகப் பாருங்கள். "குடும்பத் தகராறா?" என்ற கேள்வி படிப்பவரின் கஷ்டத்தைத் தொட்டுப் பேச்சுக்கு இழுக்கிறது. "தயங்காமல்" என்ற சொல், அவர் தயங்குகிறார் என்று தெரிந்தே அந்தத் தயக்கத்தை உடைக்கப் பார்க்கிறது. "அழையுங்கள்" என்பது நேரான அழைப்பு. "முதல் ஆலோசனை இலவசம்" என்பது விலையைக் காட்டி ஆள் பிடிப்பது. நான்கில் மிக மோசமானது எது என்று கேட்டால் கடைசியைச் சொல்வேன். நீங்கள் நல்ல மனசோடு அப்படிச் செய்பவராகவே இருக்கலாம். நேரில் வருபவரிடம் காசு வாங்காமல் பேசி அனுப்புங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. எழுதி ஒட்டினால் அதற்குப் பெயர் சலுகை.

சரி, அழைப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தனிப்பட்ட குறிப்பு ஒன்றைப் போடலாமா? வெப்சைட்டைப் பொறுத்தவரை அதுவும் முடியாது. இதைப் பல இளம் வக்கீல்கள் கவனிப்பதில்லை. 2008-இல் 36-ஆவது விதியைத் தளர்த்தி வக்கீல்கள் வெப்சைட் வைத்துக்கொள்ள வழி செய்தபோது, அதில் என்னென்ன வரலாம் என்று ஓர் அட்டவணையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், என்ரோல்மென்ட் எண்ணும் தேதியும், முதலில் பதிந்த மாநிலக் கவுன்சில், இப்போது இருக்கும் கவுன்சில், உறுப்பினராக உள்ள பார் அசோசியேஷன், கல்வித் தகுதி, தொழில் தகுதி, எந்தெந்தத் துறைகளில் தொழில் செய்கிறீர்கள் என்பது. அவ்வளவுதான். அதற்கு மேல் சேர்க்கும் எதுவும் விதிமீறலாகக் கருதப்படும் என்று அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். காபியும் கோலமும் அந்த அட்டவணையில் இல்லை. ஜெயித்த வழக்குகளின் பட்டியலும், கட்சிக்காரர்களின் பாராட்டும், கையைக் கட்டிக்கொண்டு புத்தக அலமாரி முன் நிற்கும் படமும் இல்லை.

அந்த அட்டவணையின் கடைசியில் இன்னொன்று இருக்கிறது. கொடுத்த விவரங்கள் உண்மை என்று கொடுப்பவர் உறுதி கூற வேண்டும். ஆகவே உங்கள் வெப்சைட்டுக்குக் கடைசி வரி தேடி நீங்கள் திணறவே வேண்டாம், விதியே எழுதிக் கொடுத்திருக்கிறது. அதற்கு முந்தைய வரி தொடர்பு விவரம். இப்படி:

"துறைகள்: குடும்ப வழக்குகள், சொத்து வழக்குகள், முதியோர் தொடர்பான வழக்குகள். 
சேம்பர் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல். 
மேலே கண்ட விவரங்கள் உண்மையானவை என்று உறுதி கூறுகிறேன்."

வறட்சியாகத் தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பக்கத்துக்கு எப்படிப்பட்டவர் வருவார் என்று யோசியுங்கள். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, கையில் போனை வைத்துக்கொண்டு, மகன் வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டான், இனி என்ன செய்வது என்று தேடுகிற ஒரு பெரியவர். அவர் கீழே வரை உருட்டி வந்துவிட்டார் என்றால் பாதி முடிவு எடுத்துவிட்டார். அடுத்து அவருக்கு வேண்டியது எண்ணும் இடமும். அவரை 'இன்றே' என்று அவசரப்படுத்தினால் மிரண்டுதான் போவார்.

அப்புறம் மொழி. தில்லியில் தமிழ் பேசும் வக்கீல் என்பது உங்களிடம் வரும் முதியவர்களுக்குப் பெரிய விஷயம். இந்தியில் காய்கறி வாங்கிவிடுவார்கள், மருமகள் போட்ட வழக்கை இந்தியில் விளக்க முடியாது. ஆனால் 'தமிழில் பேசலாம்' என்ற வரிக்கு அட்டவணையில் இடமில்லை. அதே விவரங்களை ஆங்கிலப் பக்கத்துக்குக் கீழே தமிழிலும் ஒரு முறை போடுங்கள். புதிதாக ஒரு விவரமும் சேரவில்லை, படிப்பவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். இதைச் சீனியரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். வெப்சைட் விவரங்களைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அவர்கள் ஏற்றபடி போட வேண்டும் என்பதும் அந்த விதியில் இருக்கிறது. நான் பயோ எழுதுபவள், நடைமுறை அவருக்குத்தான் தெரியும். சேம்பர் நேரத்தைப் போடலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெப்சைட்டை முடித்ததும் தம்பி ஒன்று செய்வார். அதே கடைசி வரிகளை வெட்டி விசிட்டிங் கார்டிலும் லெட்டர்ஹெட்டிலும் ஒட்டித் தருவார், டிசைன் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று. அங்கே தடுத்துவிடுங்கள். துறைகளைப் போட அட்டவணை அனுமதிப்பது வெப்சைட்டில்தான். பெயர்ப்பலகையிலும் எழுதுபொருள்களிலும் இன்ன வகை வழக்கில் தேர்ந்தவர் என்று காட்டக் கூடாது என்ற பழைய தடை அப்படியே இருக்கிறது. இன்ன அமைப்போடு, இன்ன போராட்டத்தோடு தொடர்புள்ளவர் என்றும் போடக் கூடாது. 'குடிசைப்பகுதி மக்களுக்காக வாதாடியவர்' என்று கார்டின் அடியில் ஆசையாகப் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்த வேலை நல்ல வேலைதான், இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. கார்டில் பெயர், 'வழக்கறிஞர்', முகவரி, எண். அதோடு நிறுத்துங்கள்.

இனி உங்கள் காபி வரி. மலரிலும் லிங்க்ட்இன்னிலும் தனிப்பட்ட குறிப்புக்கு இடம் உண்டு. ஆனாலும் இந்த வரியை அங்கேயும் போட மாட்டேன்.

தில்லியில் ஃபில்டர் காபி பிடிக்காத தமிழரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அந்த வரியை எடுத்து வேறு எந்தத் தமிழ்ப் பெண்ணின் பயோவில் ஒட்டினாலும் பொருந்தும். இது சின்னக் குறைதான். பெரியது, உங்கள் தொழிலில் பயோவைப் படிப்பவர் யார் என்பது. கட்சிக்காரர் மட்டும் படிப்பதில்லை. எதிர்க்கட்சிக்காரரும் படிப்பார், அதுவும் உங்கள் கட்சிக்காரரைவிட உன்னிப்பாக. விவாகரத்து வழக்கில் மனைவி பக்கம் நீங்கள் ஆஜராகிறீர்கள் என்றால், ஆத்திரத்தில் இருக்கும் கணவர் ராத்திரி உட்கார்ந்து உங்கள் பெயரைத் தேடுவார். 'இரண்டு குழந்தைகளின் தாய்' என்பது அவர் கையில் எதற்கு? குழந்தைகள், அவர்களுடைய பள்ளி, நீங்கள் குடியிருக்கும் சொசைட்டி, காலையில் நடக்கப் போகும் பூங்கா, இதெல்லாம் குடும்ப வழக்கு பார்க்கிறவரின் பயோவில் எங்கேயும் வரக் கூடாது. அன்பான ஒரு வரி எழுதுகிறோம் என்ற நினைப்பில்தான் இவை உள்ளே வருகின்றன.

குழந்தைக் காவலுக்காக அடித்துக்கொள்ளும் பெற்றோர் உங்கள் பக்கத்தைப் படிப்பதையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு 'இரண்டு குழந்தைகளின் தாய்' என்ற வரி வேறு மாதிரிதான் கேட்கும். அப்பாவாக இருப்பவர், 'இவர் அம்மா கட்சி' என்று அங்கேயே முடிவு கட்டிவிடுவார்.

அப்படியென்றால் எந்த மாதிரிக் குறிப்பு வேலை செய்யும்? மேலே உள்ள வரிகள் சொல்லாத ஒன்றை, உங்கள் வேலைக்குப் பக்கத்தில் நின்று சொல்கிற குறிப்பு. அது உங்களிடமே இருக்கிறது, பயோவில் போடாமல் எனக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். மந்திர் மார்க் டி.டி.இ.ஏ. பள்ளி. அந்த ஒரு விவரம் எத்தனை சொல்கிறது என்று பாருங்கள். தில்லியில் வளர்ந்தவர். சென்னையிலிருந்து நேற்று வந்தவர் அல்ல, இந்த ஊர் அரசாங்க அலுவலகமும் கோர்ட்டும் பழகியவர். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர். சங்க அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர், தாங்களோ தங்கள் பிள்ளைகளோ மந்திர் மார்க், லோதி எஸ்டேட், ஜனக்புரி, லட்சுமிபாய் நகர் என்று அந்தப் பள்ளிகளில் எதையாவது தொட்டு வந்தவர்கள். நீங்கள் மேடை ஏறும் முன்பே 'எந்த வருஷம் பேட்ச்?' என்று பின்வரிசையில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டு முகவரியும் வெளியே போகவில்லை, குழந்தைகளும் வரவில்லை.

மலரை எடுத்துக்கொள்வோம். விழா மலரில் உங்கள் பயோவுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு நகைக்கடை விளம்பரமோ கேட்டரிங் விளம்பரமோ இருக்கும். அதற்கு மேலே 'தொடர்புக்கு' என்று உங்கள் எண் இருந்தால், அந்தப் பக்கத்தில் இரண்டாவது விளம்பரமாக நீங்கள் நிற்பீர்கள். விதி தளர்ந்தது வெப்சைட்டுக்கு, அச்சுக்கு அல்ல. ஆகவே மலரில் எண் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம். தேடி வருபவர்கள் சங்க அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

அதோடு, மலரில் போகிற அதே பயோவைத்தான் தொகுப்பாளர் மேடையில் படிப்பார். காதால் கேட்கும் பயோவின் கடைசி வரிக்கு ஒரு தனி வேலை உண்டு. அது முடிந்ததும் கைதட்டல் வர வேண்டும், நீங்கள் எழுந்து வர வேண்டும். 'இவருக்குக் கோலம் உயிர்' என்று முடித்தால் தொகுப்பாளர் அதற்கு மேல் ஏதாவது சொந்தமாகச் சேர்ப்பார். அது என்னவாக இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. பேசப்போகும் பொருளையும் கடைசியில் உங்கள் பெயரையும் வைத்தால் அவருக்குச் சேர்க்க இடமிருக்காது. தமிழ் வாக்கியம் இதற்கு வசதியானது, பெயரைக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கலாம்:

"தில்லி மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்து, இன்று துவாரகா நீதிமன்றத்தில் வழக்காடுகிறார். பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்த வீட்டைப் பெற்றோர் திரும்பப் பெற முடியுமா? 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்பதைப் பேச வருகிறார், வழக்கறிஞர் —"

கோடு இருக்கும் இடத்தில் உங்கள் பெயர். இதிலும் ஒரு கேள்வி இருக்கிறதே என்று கேட்பீர்கள். தம்பியின் கேள்வி படிப்பவரைப் பார்த்து, உனக்குப் பிரச்சினையா, என்னிடம் வா என்கிறது. இந்தக் கேள்வி அன்றைய பேச்சின் தலைப்பு, அதற்குப் பதில் அதே மேடையில் அந்த அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். தலைப்பையும் சும்மா எடுக்கவில்லை. என்னைப் பராமரிப்பாய் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது செல்லாது என்று அறிவிக்க அந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு வழி செய்கிறது. பத்திரத்தில் அந்த நிபந்தனை இருக்கிறதா என்பதில்தான் பல வழக்கு தடுக்கி விழுகிறது. அரங்கில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான்.

அச்சுக்கு அனுப்புவதும் மேடைக்கு அனுப்புவதும் ஒரே தாளாக இருக்க வேண்டாம். மேடைக்குத் தனியாக ஒரு அட்டையில் பெரிய எழுத்தில், சுருக்கெழுத்துகளை விரித்து, சுமார் அறுபது சொல்லுக்குள் எழுதிக் கொடுங்கள். 'எல்.எல்.பி., என்ரோல்மென்ட் எண்' என்று படிக்க ஆரம்பித்தால் தொகுப்பாளருக்கும் மூச்சு வாங்கும், அரங்கத்துக்கும் தூக்கம் வரும்.

குறள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எந்தக் குறள் என்று எழுதவில்லை, ஆனால் வக்கீல்கள் வழக்கமாக எடுப்பது, துலாக்கோல் போல ஒரு பக்கம் சாயாமல் இருப்பதே சான்றோர்க்கு அழகு என்று சொல்லும் நடுவுநிலைமைக் குறளைத்தான். உங்கள் வேலையே ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது. வக்காலத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு நடுவுநிலைமையோடு நிற்கும் வக்கீலுக்கு யாரும் பீஸ் கொடுக்க மாட்டார்கள். அந்தக் குறள் எதிரே உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு. வேறு குறள் எடுத்தாலும் எனக்குச் சம்மதமில்லை. ஐந்து வரி உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கடைசி வரியை வள்ளுவரிடம் கொடுத்தால், படிப்பவர் மனசில் நிற்பது வள்ளுவர்தான்.

கடைசியாக லிங்க்ட்இன். அங்கே 'About' பகுதியில் 2,600 எழுத்து வரை இடமுண்டு, ஆனால் திறந்ததும் தெரிவது முதல் சில வரிகள்தான். 'see more' என்பதைத் தட்டினால்தான் மிச்சம் வரும். கடைசி வரி வரை வருகிறவர் ஏற்கெனவே உங்களிடம் அக்கறை கொண்டவர்: ஒரு வழக்கை அனுப்பலாமா என்று பார்க்கும் சக வக்கீல், பேசக் கூப்பிட நினைக்கும் ஒரு சங்கத்துக்காரர். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, தில்லியில் இருக்கும் அம்மாவுக்கு வக்கீல் தேடும் மகளும் அதில் உண்டு. வழக்கு தேடக் கூடாது என்ற விதி இங்கேயும் பொருந்தும், 'நேராகவோ சுற்றி வளைத்தோ' என்ற சொற்கள் லிங்க்ட்இன்னை விட்டுவிடவில்லை. இந்த மூன்று பேருக்கும் சேர்த்து உதவுகிற வரியாக நான் எழுதினால்:

"தில்லியில் வளர்ந்தேன், மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். வீட்டில் தமிழ், கோர்ட்டில் இந்தியும் ஆங்கிலமும்."

அம்மாவுக்காகத் தேடும் மகளுக்கு இந்த இரண்டாவது வாக்கியம் போதும். யாரையும் கூப்பிடவில்லை, மொழி வந்துவிட்டது. இதை ஆங்கிலத்தில்தான் போடுவீர்கள் என்றாலும் நீளம் இவ்வளவே இருக்கட்டும். மொழிகளுக்கு அங்கே தனிப் பகுதியும் உண்டு, அதையும் நிரப்பிவிடுங்கள்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். உங்கள் பயோ முதல் ஐந்து வரி 'நான்' என்று போயிருந்தால் கடைசியும் 'நான்'தான். நீங்கள் அனுப்பிய காபி வரியில் 'இவருக்கு' என்று வருகிறது, தம்பியின் வரியில் 'என்னை அழையுங்கள்'. கடைசி வரியைத் தனியாக எழுதி ஒட்டுகிறபோது இது எல்லாருக்கும் நடக்கும். மலரில் முழுக்க 'இவர்', லிங்க்ட்இன்னில் முழுக்க 'நான்', வெப்சைட்டில் உறுதிமொழியைத் தவிர மற்ற இடத்தில் ஆளே வேண்டாம், விவரம் மட்டும்.

'இப்போது மூத்த குடிமக்கள் சட்டம் பற்றி ஒரு கட்டுரைத் தொடர் எழுதி வருகிறேன்' என்பது போன்ற வரியால் முடிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நல்ல வரிதான், தொடர் நடக்கும்வரை. நின்றுபோன தொடரை இரண்டு வருஷம் கழித்தும் 'எழுதி வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் பயோக்கள் நிறைய. நீங்கள் பயோவைத் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர் இல்லையென்றால், கெட்டுப்போகாத விவரத்தோடு முடியுங்கள்.

லிங்க்ட்இன்னில் கடைசி வரியை எழுதி முடித்ததும் ஒன்றைச் சரிபாருங்கள். நீங்கள் அடக்கமாக முடித்திருந்தாலும், பெயருக்குக் கீழே ஒரு பொத்தான் உங்கள் சார்பில் கூவிக்கொண்டிருக்கலாம். காசு கட்டும் கணக்கு வைத்திருந்தால் 'Book an appointment' என்ற பொத்தானை வைக்க வசதி இருக்கிறது. சேவைகள் பகுதியைத் திறந்து வைத்திருந்தாலும் வேலை கேட்டு எழுதச் சொல்லும் பொத்தான் ஒன்று வந்துவிடும். கணக்கைத் தொடங்கித் தந்தது தம்பி என்றால் இரண்டையும் அவர் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் கணக்கிலிருந்து பார்த்தால் சில சமயம் சரியாகத் தெரியாது. வேறொருவர் போனில் உங்கள் பெயரைத் தேடி, அவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள். பொத்தான் இருந்தால் அதை முதலில் எடுத்துவிட்டு, பிறகு பயோவைச் சேமியுங்கள்.